90,140 ரூபாய்: ஒரு வரியைப் பிரித்துக் கேட்ட கடிதம்

பவானியில் ஜமுக்காளமும் போர்வையும் இணையத்தில் விற்கும் ஒரு கடை. திங்கட்கிழமை ஒரே நாளில் 40 பேர் வாங்கினார்கள். ஆளுக்கு 2,500 ரூபாய், எல்லோரும் கார்டில் கட்டினார்கள். விற்பனைக் கணக்கில் 1,00,000 ரூபாய் ஏறியது. புதன்கிழமை கடையின் வங்கிக் கணக்கில் வரவானது 90,140 ரூபாய். ஒரே வரி, பக்கத்தில் யு.டி.ஆர். என்கிற நீளமான எண். அவ்வளவுதான்.

மீதி 9,860 ரூபாய் எங்கே போனது?

கடைக்காரர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் ஈரோட்டில் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸின் கணக்காளர். அவர் பார்ப்பது இந்த ஒரு கடையை மட்டுமல்ல, இதேபோல 30 கடைகளை. கடையும் ஆபீஸும் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. பணம் நகரும் விதமும் கணக்குப் போடும் விதமும் நடப்பில் உள்ளவை. அந்த ஆபீஸிலிருந்து ஒரு பேமென்ட் நிறுவனத்துக்குப் போன இரண்டு கடிதங்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. முதல் கடிதம் இரண்டே வரி. இரண்டாவது ஒன்றரைப் பக்கம்.

முதலில் அந்த 9,860 ரூபாயைப் பார்த்துவிடலாம்.

வாடிக்கையாளர் கார்டைத் தேய்த்தாலும் இணையத்தில் கட்டினாலும் பணம் நேராகக் கடைக்காரரிடம் வருவதில்லை. நடுவில் பேமென்ட் அக்ரிகேட்டர் என்கிற நிறுவனம் இருக்கிறது. பல கடைகளுக்கான பணத்தையும் அதுதான் வாங்குகிறது. வாங்கிய பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் போட்டுக்கொள்ள முடியாது. வங்கியில் இதற்கென்றே உள்ள எஸ்க்ரோ கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் சொன்னது. அங்கிருந்து ஒன்றிரண்டு வேலை நாளில், தனக்குச் சேர வேண்டிய கட்டணத்தையும் பிற பிடித்தங்களையும் கழித்துக்கொண்டு, மொத்தமாக ஒரே தொகையைக் கடைக்கு அனுப்புகிறது. இதற்குப் பெயர்தான் செட்டில்மென்ட்.

பவானிக் கடையின் கணக்கில் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சத்துக்கு 2,000 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 360 ரூபாய். இரண்டும் சேர்ந்து 2,360. போன வாரம் வாங்கிய இரண்டு பேர் போர்வையைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்குத் திரும்பக் கொடுத்த 5,000 ரூபாயும் இந்த வரவிலிருந்தே கழிந்தது. இன்னொருவர், ‘இந்தச் செலவை நான் செய்யவில்லை’ என்று தன் வங்கியில் புகார் கொடுத்திருந்தார். அதற்காக 2,500 ரூபாய் பிடித்து வைக்கப்பட்டது. 2,360, 5,000, 2,500. கூட்டினால் 9,860.

பதில் இவ்வளவு எளிது. ஆனால் வங்கியின் அந்த ஒற்றை வரியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எந்த ஆர்டருக்கு எவ்வளவு வந்தது, எதில் எவ்வளவு பிடித்தார்கள் என்ற விவரமெல்லாம் செட்டில்மென்ட் அறிக்கையில்தான் இருக்கிறது. கட்டணத்தின் மேல் கட்டிய 360 ரூபாய் ஜி.எஸ்.டி.யைத் தன் வரியில் கழித்துக்கொள்ளக் கடைக்காரருக்கு வழி உண்டு என்பதால் அதைத் தனியே எழுதியாக வேண்டும். பணம் எப்போது, எவ்வளவு திரும்பிப் போனது என்பது சரக்குக் கையிருப்புக் கணக்குக்கும் வேண்டும்.

ஒரு கடை என்றால் நிறுவனத்தின் தளத்தில் லாக்இன் செய்து, தேதியைத் தேர்ந்தெடுத்து, எக்செல் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். பல கடைகளில் இன்றும் இப்படித்தான் நடக்கிறது. 30 கடைக்கு 30 லாக்இன், 30 முறை ஓ.டி.பி. அந்த ஓ.டி.பி.யும் கடைக்காரரின் போனுக்குத்தான் போகும். காலை பத்து மணிக்குக் கணக்காளர் போன் போட்டால் கடைக்காரர் அப்போதுதான் பார்சல் கட்டிக்கொண்டிருப்பார்.

இந்தத் தொல்லைக்கு மாற்றுதான் ஏ.பி.ஐ. மனிதர் பார்க்கும் பக்கத்துக்குப் பதிலாக, ஒரு கணினி நிரல் இன்னொரு நிறுவனத்தின் கணினியிடம் நேராகக் கேட்டு வாங்கும் வாசல். நம் ஊரில் பலரும் பயன்படுத்தும் ரேசர்பே நிறுவனத்தின் வெளிப்படையான ஆவணங்களில் அந்த வாசலின் முகவரி இப்படி இருக்கிறது:

```
GET /v1/settlements/recon/combined?year=2024&month=11&day=6&count=100&skip=0
```

2024 நவம்பர் 6 அன்று செட்டிலான வரிகளில் முதல் நூறைக் கொடு என்பது இதன் பொருள். அடுத்த நூறு வேண்டுமானால் `skip=100` என்று மாற்றிக் கேட்க வேண்டும். திரும்பி வருவது வரிவரியான பட்டியல். பவானிக் கடையின் ஒரு விற்பனைக்கான வரியில் முக்கியமான பகுதி மட்டும் இது:

```
"type": "payment", "amount": 250000, "fee": 5900,
"tax": 900, "debit": 0, "credit": 244100
```

தொகை எல்லாம் பைசாவில். 2,500 ரூபாய்க்கு 59 ரூபாய் பிடித்து, 2,441 ரூபாய் வரவு. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குள் ஒரு கண்ணி இருக்கிறது, கடைசியில் வருகிறது.

ஈரோட்டு ஆபீஸில் பகுதிநேரமாக நிரல் எழுதும் ஒரு இளைஞர் இந்த வாசல் வழியாகத் தகவல் எடுக்க ஒரு நிரல் செய்துகொடுத்தார். அது ஒவ்வொரு பேமென்டாகப் போய், ‘இது செட்டிலாகிவிட்டதா?’ என்று கேட்டது. திரும்பக் கொடுத்த பணம் விட்டுப்போகக் கூடாது என்று கடந்த ஏழு நாளின் பேமென்டுகளை ஒவ்வோர் இரவும் மறுபடி கேட்டது. சரியாக நள்ளிரவு 12 மணிக்கு ஓடத் தொடங்கும். ஒரே நேரத்தில் பத்துப் பத்தாகக் கேட்கும்.

முதல் வாரம் இரண்டு கடைகளை வைத்துச் சோதித்தார்கள், ஓடியது. 30 கடைகளையும் சேர்த்த அன்று காலை கணக்காளர் திரையைப் பார்த்தால், பதினோரு கடைகளுக்கு வரவு சுழியம்.

“தம்பி, நேத்து யாருமே காசு கட்டலையா? பதினோரு கடைக்கு ஒண்ணுமே வரலைன்னு காட்டுது.”

“அப்படி இருக்காதுங்கண்ணா. பதிவேட்டைப் பார்க்கறேன்.”

நிரல் தன் வேலையைக் குறித்துவைக்கும் பதிவில் பக்கம் பக்கமாக ஒரே எண்: 429.

இணையத்தில் ஒரு கணினி இன்னொன்றுக்குப் பதில் சொல்லும்போது மூன்று இலக்க எண் ஒன்றை முன்னால் வைக்கும். 200 என்றால் சரி. 404 என்றால் கேட்டது இங்கே இல்லை. 429 என்றால் ‘அளவுக்கு மீறிக் கேட்கிறாய்’. 2012 ஏப்ரலில் வெளியான ஆர்.எஃப்.சி. 6585 என்ற இணையத் தரநிலை ஆவணம் இந்த எண்ணுக்கு இந்தப் பொருளைக் கொடுத்தது. எவ்வளவு நேரம் கழித்து வர வேண்டும் என்பதை `Retry-After` என்ற தலைப்பில் கூடவே சொல்லலாம் என்றும் அது குறிப்பிட்டது. ‘சொல்லலாம்’தான்; சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு ரேட் லிமிட் என்று பெயர். பல நிறுவனங்கள் இதைச் செயல்படுத்தும் விதம் டோக்கன் கொடுப்பதைப் போன்றது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பெட்டி. நொடிக்கு இத்தனை டோக்கன் என்று அதில் விழுந்துகொண்டே இருக்கும். பெட்டி நிறைந்தால் மேலே சேராது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஒரு டோக்கன் போகும். பெட்டி காலியானால் 429. ஆகவே ஒரு மணி நேரத்தில் மொத்தம் எத்தனை முறை கேட்டோம் என்பதைவிட, ஒரே நொடியில் எத்தனை கேட்டோம் என்பது பல இடங்களில் பெரிதாகிறது. ஸ்ட்ரைப் நிறுவனத்தின் ஆவணங்கள் உண்மைப் பணம் ஓடும் கணக்குக்குப் பொதுவாக நொடிக்கு 100 கோரிக்கை, சோதனைக் கணக்குக்கு 25 என்று நெடுநாளாக எண்ணாகவே சொல்லிவந்திருக்கின்றன. ரேசர்பேயின் ஆவணம், அளவு மீறினால் 429 வரும், வந்தால் இடைவெளியைக் கூட்டிக்கூட்டி மறுபடி முயலுங்கள் என்கிறது.

நம் ஆபீஸின் நிரலோ 429 வந்ததும் அடுத்த கணமே மறுபடி கேட்டது. காலியான பெட்டியில் கைவிட்டுக்கொண்டே இருந்ததால் பெட்டி நிறைய வாய்ப்பே கிடைக்கவில்லை. மூன்று முறை கேட்டும் கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் சுழியம் எழுதிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடும். இந்த இரண்டாவது தவறுதான் மோசமானது. தகவல் கிடைக்கவில்லை என்பதும் வரவு இல்லை என்பதும் கணக்குப் புத்தகத்தில் வேறு வேறு. பதினோரு கடைக்குச் சுழியம் வந்ததால் கண்ணில் பட்டது. ஒரு கடையின் 50 வரிகளில் மூன்று மட்டும் விட்டுப்போயிருந்தால் மாதக் கடைசி வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

அன்று மத்தியானமே முதல் கடிதம் போனது. ‘எங்கள் ரேட் லிமிட்டை உடனே உயர்த்தித் தரவும். 30 கடைகளின் கணக்கு நிற்கிறது, அவசரம்.’

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பதில் என்பதைவிடக் கேள்விகள். எந்தெந்தக் கடைகளின் சார்பில் கேட்கிறீர்கள்? அவர்கள் அனுமதி உண்டா? எந்த முகவரியைக் கூப்பிடுகிறீர்கள்? உச்ச நேரத்தில் நொடிக்கு எத்தனை? நாளைக்கு எத்தனை? எதற்காக?

இரண்டு வரிக் கடிதத்துக்கு இப்படித்தான் பதில் வரும். பேமென்ட் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் காரணம் புரியும். செட்டில்மென்ட் அறிக்கை கேட்கும் அதே கணினிகள்தான் பல நேரம், இந்த நொடியில் ஒருவர் கார்டில் பணம் கட்டிக்கொண்டிருப்பதையும் கவனித்துக்கொண்டிருக்கின்றன. ஒருவர் அறிக்கைக்காக முண்டியடித்தால் இன்னொருவரின் பேமென்ட் தாமதமாகலாம். அதிலும் நள்ளிரவு 12 மணி என்பது நாட்டில் பாதி நிரல்கள் கண்விழிக்கும் நேரம். ‘உயர்த்தித் தரவும்’ என்றால் எவ்வளவு உயர்த்துவது, யாருடைய பங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் கணக்காளரும் இளைஞரும் முதன்முறையாகக் கூட்டிப் பார்த்தார்கள். 30 கடை, கடைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 50 பேமென்ட், ஏழு நாள். பெருக்கினால் ஓர் இரவுக்கு 10,500 கேள்விகள்.

“ஏனுங் தம்பி, ஒவ்வொரு ரசீதா கேக்கறதுக்கு, அன்னிக்கு லிஸ்ட்டை மொத்தமா குடுன்னு கேட்டா ஆகாதுங்களா?”

ஆகும். முன்னே பார்த்த முகவரி அதற்குத்தான் இருக்கிறது. அன்று செட்டிலான விற்பனை, திரும்பக் கொடுத்த பணம், பிடித்தம் எல்லாம் ஒரே பட்டியலில் வரும். ஒரு பக்கத்துக்கு நூறு வரி என்றால், 50 பேமென்டும் சில ரீஃபண்டும் உள்ள கடைக்கு ஒரு பக்கம் போதும். 30 கடைக்கு 30 கேள்வி. வங்கியில் வந்த மொத்தத் தொகையையும் யு.டி.ஆர். எண்ணையும் சரிபார்க்கச் செட்டில்மென்ட் பட்டியலையும் கேட்டால் இன்னொரு 30. ஆக 60. நொடிக்கு ஒன்று என்று நிதானமாகக் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் முடியும். பழைய நாள்களை மறுபடி கேட்க வேண்டியதும் இல்லை. இன்று திரும்பக் கொடுத்த பணம் அதற்குரிய செட்டில்மென்ட் நாளின் பட்டியலில் தானாகவே வந்து நிற்கும்.

10,500 கேள்வி 60 ஆனது. லிமிட்டை உயர்த்தச் சொல்ல வேண்டிய தேவையே போய்விட்டது.

அப்படியானால் இரண்டாவது கடிதம் எதற்கு? தினசரி வேலைக்கு வேண்டாம்தான். ஆனால் நிதியாண்டின் தொடக்கத்திலிருந்து பன்னிரண்டு மாதக் கணக்கை ஒரு முறை மொத்தமாக எடுத்தாக வேண்டும். ஒரு கடைக்கு மாதம் சுமார் 1,600 வரி, அதாவது 16 பக்கம். 30 கடைக்கு 480. பன்னிரண்டு மாதத்துக்கு 5,760 கேள்விகள். நொடிக்கு இரண்டு என்றால் 48 நிமிடம். இதை எப்போது, எந்த வேகத்தில் செய்தால் அவர்களுக்குத் தொந்தரவு இல்லை என்று கேட்பது முறை. அதோடு, எல்லை எங்கே என்று தெரியாமல் நிரல் எழுதுவது சுவர் எங்கே என்று தெரியாமல் இருட்டில் நடப்பது. எல்லையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் கடிதத்தின் பெரும்பகுதி.

அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் போனது. அதன் உள்ளடக்கம் தமிழில் இது.

முதல் பத்தி, யார் என்பது. ஆபீஸின் பெயர், 30 கடைகளின் வணிகர் எண்கள் இணைப்பாக, ஒவ்வொரு கடையின் உரிமையாளரும் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம். கடிதம் போன மின்னஞ்சல் முகவரியும் அனுமதிக் கடிதத்தில் உள்ளதே. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் வேறு முகவரியிலிருந்து வரும் கோரிக்கையை யாரும் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

இரண்டாம் பத்தி, என்ன வேண்டும் என்பது. இரண்டு முகவரிகள் மட்டும்: செட்டில்மென்ட் பட்டியல், அதன் வரிவாரியான விவரம். படிக்க மட்டும் அனுமதி. கார்டு எண் வேண்டாம், வாடிக்கையாளரின் போன் எண் வேண்டாம்.

இந்தப் பத்தியின் கனம் பலருக்குத் தெரிவதில்லை. ஏ.பி.ஐ. வாசலைத் திறக்க ஒரு சாவி தருவார்கள். எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சொல், கூடவே ஒரு ரகசியச் சொல். முழு உரிமை உள்ள சாவி என்றால், அறிக்கை படிக்கும் அதே சாவியால் பணத்தைத் திருப்பியும் அனுப்பலாம். கடைக்காரர் அந்தச் சாவியை வாட்ஸ்அப்பில் ஆடிட்டர் ஆபீஸுக்கு அனுப்பிவிட்டால், கல்லாவின் சாவியைத் தெருவில் வைத்த மாதிரி. ஸ்ட்ரைப் போன்ற நிறுவனங்கள் எந்த இடத்தைப் படிக்கலாம், எந்த இடத்தில் எழுதலாம் என்று தனித்தனியே வரையறுத்த சாவிகளைத் தருகின்றன. சில நிறுவனங்களில் கடைக்காரரே லாக்இன் செய்து, இன்ன ஆபீஸ் என் கணக்கைப் படிக்கலாம் என்று `read_only` அனுமதியை மட்டும் கொடுக்கலாம். வேண்டாம் என்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கடிதம் கேட்டது இந்த வகையைத்தான். ரகசியச் சொல் கடிதத்திலோ இணைப்பிலோ எங்கும் இல்லை.

மூன்றாம் பத்தி, எவ்வளவு என்பது. தினமும் அதிகாலை 4.10க்கு, நொடிக்கு ஒன்று என்ற வேகத்தில் 60 கேள்விகள். ஒரு முறை மட்டும் 5,760 கேள்விகள், நொடிக்கு இரண்டு. எந்த இரவு, எந்த நேரம் என்று நீங்கள் சொல்லுங்கள். 429 வந்தால் எங்கள் நிரல் ஒரு நொடி, இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் முன்பின்னாக மாற்றிக் காத்திருக்கும்; ஆறாவது முறையும் கிடைக்காவிட்டால் நின்றுவிடும். ‘முன்பின்னாக’ என்பதற்குக் காரணம் உண்டு. முப்பது கடைக்கான கேள்விகளும் ஒரே கணத்தில் தடுக்கப்பட்டு, ஒரே கணக்கில் காத்திருந்தால், திரும்பவும் ஒரே கணத்தில்தான் வந்து முட்டும்.

அடுத்து வந்தவை கேள்விகள். ஐந்து.

எல்லை எதன் பெயரில் எண்ணப்படுகிறது: சாவிக்கா, வணிகர் எண்ணுக்கா, கேட்கும் கணினியின் இணைய முகவரிக்கா? ஒரே கடைக்காரருக்கு இந்தக் கேள்வி பெரிதல்ல. முப்பது சாவிகளோடு ஒரே ஆபீஸிலிருந்து கேட்பவருக்கு இதுதான் முதல் கேள்வி. சாவிக்கு இத்தனை என்றால் தாராளம். முகவரிக்கு இத்தனை என்றால் முப்பது கடையும் ஒரே பெட்டியின் டோக்கனைப் பங்குபோட வேண்டும். அன்று இரவு முதல் பத்தொன்பது கடைகளுக்கு விவரம் வந்து, அடுத்த பதினோரு கடைகளுக்கு நின்றுபோனதற்கு இது காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் அவர்களுக்கு இருந்தது.

எண்ணும் காலம் நொடியா, நிமிடமா, நாளா? தடுக்கப்பட்ட கேள்வியும் கணக்கில் சேருமா?

ஒரு நாளின் அறிக்கை எத்தனை மணிக்கு முழுமையாகிறது? அறிக்கை தயாராகிக்கொண்டிருக்கும்போது கேட்டால் பாதிப் பட்டியல் வரலாம். அதிலும் 200 என்றுதான் பதில் வரும், பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பக்கம் பக்கமாக எடுக்கும்போது நடுவில் புது வரி சேர்ந்தால், பழைய வரி ஒன்று அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டு இரண்டு முறை வரும். ஸ்ட்ரைப் இதை வேறு விதமாகக் கையாள்கிறது: அறிக்கை வேண்டும் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அது பின்னணியில் தயாராகி, முடிந்ததும் தகவல் வரும், அப்போது கோப்பை ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளலாம்.

நாள் என்பது எந்த நாள்? இந்திய நேரப்படியா, உலகப் பொது நேரப்படியா? உலகப் பொது நேரத்தில் நாள் மாறும்போது நமக்குக் காலை 5.30 மணி. நவம்பர் 1 அதிகாலை ஒரு மணிக்கு வாங்கியவரின் பணம் அந்தக் கணக்கில் அக்டோபர் 31 ஆகிவிடும். ஜி.எஸ்.டி. மாதவாரியாகப் போகும்போது இந்த ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் காட்டும். அதோடு, அறிக்கையின் தேதி வாடிக்கையாளர் பணம் கட்டிய தேதியா, கடைக்குச் செட்டிலான தேதியா என்பதும் தெளிவாக வேண்டும்.

கடைசியாக: எத்தனை காலம் பின்னோக்கிக் கேட்கலாம்? பட்டியலின் தலைப்புகளை மாற்றுவதானால் முன்கூட்டியே சொல்வீர்களா?

கடிதத்தின் அடியில், தடுக்கப்பட்ட அன்று நடந்தவற்றில் மூன்று கோரிக்கைகளின் நேரம் நொடி வரை, கூப்பிட்ட முகவரி, வந்த பதில் ஆகியவற்றை இளைஞர் ஒட்டியிருந்தார். நிறுவனத்தின் பொறியாளர் தன் பக்கத்துப் பதிவில் தேடிப் பார்க்க அது போதும். ‘நேற்று ராத்திரி வேலை செய்யவில்லை’ என்பதை வைத்து யாராலும் எதையும் தேட முடியாது.

இந்த முறை பதில் பொறியாளரிடமிருந்தே வந்தது. படிக்க மட்டுமான அனுமதி ஒவ்வொரு கடையாக வழங்கப்படும். பன்னிரண்டு மாதக் கணக்கை ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம். முந்தைய நாளின் அறிக்கை அதிகாலை 3 மணிக்குள் முழுமையாகிவிடும், இந்திய நேரம், செட்டிலான தேதிப்படி. எல்லை சாவிக்கும் உண்டு, இணைய முகவரிக்கும் உண்டு. எவ்வளவு என்ற எண்ணை மட்டும் அவர் சொல்லவில்லை. நெரிசலைப் பொறுத்து மாறும், `Retry-After` வந்தால் மதியுங்கள் என்று எழுதியிருந்தார். அந்த எண் கையில் இல்லாமலும் ஓடும்படிதான் நிரல் இப்போது எழுதப்பட்டிருந்தது.

நிரலில் மூன்று காவல்களையும் சேர்த்தார்கள். ஒரே எண்ணுள்ள வரி இரண்டு முறை வந்தால் ஒன்றை விடு. ஒரு செட்டில்மென்டின் எல்லா வரிகளின் `credit` கூட்டிலிருந்து `debit` கூட்டைக் கழித்தால் வங்கியில் வந்த தொகை வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கடையைச் சிவப்பில் காட்டு. விவரம் கிடைக்காத இடத்தில் சுழியம் எழுதாதே, காலியாக விடு.

திங்கட்கிழமை காலை 30 கடைகளும் பச்சையில் இருந்தன. பவானிக் கடைக்கு வரவு 97,640, கழிவு 7,500, மிச்சம் 90,140. வங்கி வரியோடு பைசா பிசகாமல் பொருந்தியது.

ஆனால் கணக்காளர் தன் பழைய எக்செல் தாளில் வைத்துப் பார்த்தபோது அதே கடைக்கு 89,780 என்று வந்தது. 360 ரூபாய் குறைவு. இளைஞர் நிரலைச் சந்தேகித்தார். கணக்காளருக்கு அந்த எண் எங்கேயோ பார்த்த எண்ணாகப் பட்டது. கட்டணத்தின் மேல் போட்ட ஜி.எஸ்.டி. சரியாக 360. அறிக்கையின் `fee` என்ற பத்தியில் உள்ள 59 ரூபாயில் 50 கட்டணம், 9 வரி. `tax` என்ற பத்தியில் உள்ள 9 ரூபாய் அதற்குள் ஏற்கனவே அடங்கியது, விவரத்துக்காகத் தனியே காட்டப்படுவது. எக்செல் தாள் இரண்டையும் கழித்துக்கொண்டிருந்தது. நாற்பது விற்பனைக்கு ஒன்பது ஒன்பதாக 360.

அந்தத் தாள் எத்தனை மாதமாகப் புழக்கத்தில் இருந்தது என்று இளைஞர் கேட்டார். கணக்காளர் பதில் சொல்லாமல் ஏப்ரல் மாதக் கோப்பைத் திறந்தார்.